சின்னப் பிள்ளைக்குக் கொலுசும் காப்பும்: நாம் கவனிக்காமல் விடும் தவறுகள்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக் குளிரில் ஒன்றரை வயதுப் பிள்ளையின் கொலுசு பாதி நாள் சொக்ஸுக்குள்தான் கிடக்கிறது. காலையில் மாட்டிய கம்பளி சொக்ஸை இரவில்தான் கழற்றுகிறோம். இடையில் கொலுசு காலை இறுக்கினாலும் ஒரு மணி கழன்று விழுந்தாலும், பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போன அம்மாவுக்கும் தெரியாது, அத்தனை பிள்ளைகளை ஒன்றாகப் பார்க்கிற ஆயம்மாவுக்கும் தெரியாது. அதனால் சொக்ஸ் போடுகிற நாளில் கொலுசைக் கழற்றி வையுங்கள். தூங்க வைக்கும்போதும் அப்படித்தான், போர்வை நூலில் கொக்கி மாட்டிக்கொண்டால் பிள்ளை காலை உதறி உதறி இழுக்கும்.

அடுத்தது அளவு. "வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசா எடு" என்று அம்மாயி சொல்வது காசை நினைத்துத்தான், ஆனால் கொலுசுக்கு அது சரிவராது. ஒரு நூலை எடுத்துக் கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே சுற்றி அளந்துகொள்ளுங்கள். இன்னொரு நூலைக் குதிகாலையும் பாதத்தின் மேல்பக்கத்தையும் சேர்த்துச் சுற்றி அளக்க வேண்டும். முதல் அளவு 13 சென்ரிமீற்றர், இரண்டாவது 18 என்று வைத்துக்கொண்டால், கொலுசு பதினாலு, பதினாலரைக்குள் இருக்க வேண்டும், அதாவது உங்கள் சுண்டுவிரல் உள்ளே போய்வர இடமிருந்தால் போதும். பதினேழுக்கு எடுத்தால் அது குதிகாலில் வந்து தொங்கும், மற்றக் கால் அதில் சிக்கிப் பிள்ளை விழும், இல்லாவிட்டால் உருவி எடுத்து வாயில் வைக்கும். சொக்ஸ் தடத்தைப் போலக் கொலுசின் தடமும் தோலில் பதிந்து சீக்கிரம் மறையாமல் நின்றால் அது சிறிதாகிவிட்டது, மாதம் ஒருமுறை பாருங்கள். வாய் திறந்த காப்பைப் பிள்ளை வளர வளர விரித்து விரித்துப் போடுவதும் நல்லதல்ல, ஒரே இடத்தில் வளைத்துக்கொண்டே இருந்தால் வெள்ளி அங்கே வெடித்து ஓரம் கத்தி மாதிரி ஆகிவிடும்.

கொக்கி விஷயத்தில் பலரும் "எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது" என்றுதான் நினைக்கிறார்கள். பிள்ளை கையால் பிடுங்கினால் திறக்கக்கூடாது, அது சரி. ஆனால் கட்டில் கம்பியிலோ கதவிலோ மாட்டி உடம்பின் பாரமே இழுக்கும்போது, கால் அறுபடுவதற்கு முன் கொக்கி விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் ஒரு துண்டும் உதிராமல். திருகாணி வைத்த கொலுசில் அந்தத் திருகாணியே கழன்று தொலையும், முனையும் கூராக இருக்கும், இந்த வயதுக்கு அது வேண்டவே வேண்டாம். காந்தக் கொக்கி அதைவிட மோசம், இரண்டு காந்தத் துண்டுகள் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும்.

இதெல்லாவற்றையும்விட எனக்குப் பயம் அந்த மணிகள்தான். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைச் சோதிக்க 31.7 மில்லிமீற்றர் அகலமான சிறு குழாய் ஒன்று உண்டு, அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது கணக்கு. கொலுசு மணி எங்கே, அந்தக் குழாய் எங்கே! மெல்லிய கொலுசு குவிந்து முழுதாகவே உள்ளே போய்விடும். மணியைப் பிடித்திருக்கும் சின்ன வளையம் பெரும்பாலும் வெறுமனே வளைத்து மூடியதுதான். நகத்தை அதன் இணைப்பில் வைத்துப் பாருங்கள், நகம் நுழைந்தால் மணியும் ஒருநாள் வெளியே வரும். பத்தரிடம் கொடுத்து ஒவ்வொரு வளையத்தையும் பற்றவைக்கச் சொல்லுங்கள், அல்லது மணியை எல்லாம் எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மணி தொண்டையில் அடைத்து, பிள்ளைக்கு அழவோ இருமவோ முடியாமல் போனால் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தடவை தட்டுங்கள். வெளியே வராவிட்டால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்முகமாக ஐந்து தடவை அழுத்துங்கள், கைக்குழந்தைக்கு வயிற்றில் அல்ல, நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தால். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவரை 1990 சுவசெரியவுக்கு அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவ வேண்டாம். விழுங்கிவிட்டதென்று தெரிந்தாலும் வாழைப்பழம், சோற்று உருண்டை திணிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நம் ஊரில் தவறிப்போவது இன்னொன்று. மணி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் பிள்ளை திடீரென்று புரையேறி இருமும், அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி விளையாடும். சில நாள் கழித்து இருமல், இழுப்பு, காய்ச்சல் வரும். பனிக்காலத்தில் யாரும் அதைச் சளி என்றுதான் நினைப்பார்கள், கசாயம் கொடுப்பார்கள், மருந்து வாங்குவார்கள், கொஞ்சம் குறைந்து மறுபடி வரும். இருமல் திடீரென்று தொடங்கியதா, கொலுசில் மணி குறைகிறதா என்று பாருங்கள், குறைந்தால் டொக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். வெள்ளி மணி எக்ஸ்ரேயில் தெரியும், பிளாஸ்டிக் மணி தெரியாது, அதனால் எந்த மாதிரி மணி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், மிச்சக் கொலுசைக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.