கேமரா போட்டும் குறையாத பிரீமியம்

சுங்கை சிப்புட்டில் தோட்டத்துச் சாலையோரம் மளிகைக் கிடங்கு வைத்திருக்கிற அண்ணனுக்கு நான்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கொட்டேஷனைப் பார்த்து மலைத்தவர், தீ அலாரம், எட்டு கேமரா, காவலாளியோடு கேட் எல்லாம் போட்டுவிட்டு, "தம்பி, இப்போ குறைக்கச் சொல்லு" என்றார்.

நானும் படங்களை அனுப்பித் தள்ளுபடி கேட்டேன். ரேட் அசையவில்லை. தப்பு என்னுடையதுதான். கேமராவும் காவலும் முக்கியமாகத் திருட்டு பாலிசிக்குத்தான் உதவும். தீ பாலிசிக்கு அலாரம்தான் பேச்சு. அதையும் படத்தை வைத்து, ரேட்டை முடிவு செய்கிற அண்டர்ரைட்டர் நம்பமாட்டார்.

அப்புறம் இரண்டு தனிக் கடிதம் எழுதினேன். தீக்கு, அலாரம் பொருத்தியவரின் சான்றிதழ், பராமரிப்பு ஒப்பந்தம், டிடெக்டர்கள் இருக்குமிடம் காட்டும் வரைபடம். திருட்டுக்கு, காவல் ஒப்பந்தம், கேமரா பதிவு எத்தனை நாள் இருக்கும் என்ற விவரம்.

"24 மணி நேரக் காவல்" என்று எழுதச் சொன்னார் அண்ணன். உண்மையில் இரவு 7 முதல் காலை 7 வரைதான். மறுத்துவிட்டேன். எழுதியது பாலிசியில் வாரண்டியாக, அதாவது கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய நிபந்தனையாக ஏறிவிட்டால், பகலில் திருட்டுப் போகும்போது கிளெய்மே சிக்கலாகும்.

ஆய்வுக்கு ஆள் வந்து பார்த்தார். திருட்டு ரேட் நன்றாகவே இறங்கியது, தீ ரேட் கொஞ்சம்தான். அண்ணனுக்கு இன்னும் முகம் சுளிப்புதான்.