இதய நோயாளிக்குப் பல் பிடுங்கும் ஊசி: டாக்டரிடம் சொல்லாமல் விடும் விஷயங்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பல் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால் இரண்டு விதமான இதய நோயாளிகளைப் பார்க்கலாம். ஒருவர் உள்ளே வரும்போதே, "டாக்டர், நான் ஹார்ட் பேஷன்ட், அட்ரினலின் இல்லாத ஊசியா போடுங்க" என்பார். இன்னொருவர் ஸ்டென்ட் வைத்த விஷயத்தை வாயே திறக்க மாட்டார். சொன்னால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுவார்களோ, பல் வலியோடு இன்னொரு நாள் அலைய வேண்டுமோ என்ற பயம். இரண்டு பேரும் செய்வது தவறுதான். அதில் இரண்டாவது தவறு ஆபத்தானது.

முதலாமவரின் பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. ஐ.சி.யூ.வில் இதயம் நின்றுபோனவருக்கு அட்ரினலின் கொடுத்ததை யாரோ சொல்லக் கேட்டிருப்பார். அது இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும் மருந்து என்பதும் உண்மை. ஆனால் அளவைப் பாருங்கள். இதயம் நின்றவருக்கு ஒரு தடவை தருவது 1 மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம். கடுமையான ஒவ்வாமை வந்தவருக்குத் தொடையில் போடுவது 500 மைக்ரோகிராம். பல்லை மரக்கச் செய்யப் போடும் லிக்னோகெய்ன் மருந்தில் அட்ரினலின் 80,000-க்கு 1 என்ற கணக்கில் கலந்திருந்தால் ஒரு மில்லியில் இருப்பது 12.5 மைக்ரோகிராம். ஒரு பல்லுக்கு இரண்டு மில்லி போட்டால் 25. 2,00,000-க்கு 1 என்று கலந்த மருந்தும் கிடைக்கிறது. அதில் ஒரு மில்லிக்கு 5 மைக்ரோகிராம்தான்.

இந்தக் கொஞ்சத்தை எதற்குக் கலக்கிறார்கள்? அது ஊசி போட்ட இடத்தில் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் மரக்கச் செய்யும் மருந்து ரத்தத்தோடு அடித்துக்கொண்டு போகாமல் நரம்பு பக்கத்திலேயே நிற்கிறது. வெறும் லிக்னோகெய்ன் போட்டால் பல்லின் உள்நரம்பு பத்து நிமிடம்கூட மரத்திருக்காது. அட்ரினலின் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கும். வேர் வளைந்த கடைவாய்ப் பல்லைப் பத்து நிமிடத்தில் எடுக்க முடியாது. பாதியில் மரப்பு போய்விட்டால் வலி உயிர் போகும். அப்போது பயத்திலும் வலியிலும் உங்கள் உடம்பே அட்ரினலினைச் சுரந்து கொட்டும். அதை அளந்து போடவோ, நிறுத்தவோ யாராலும் முடியாது. வலி தாங்காமல் வெறும் மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால், லிக்னோகெய்ன் ரத்தத்தில் ஏறுவதும் இதயத்துக்கு நல்லதல்ல. அதனால் நிலையாக இருக்கும் இதய நோயாளிக்கு, அளந்து போட்ட அட்ரினலின்தான் பெரும்பாலும் பாதுகாப்பான வழி.

"அளந்து" என்ற சொல்லுக்கு ஒரு எண் உண்டு. இதய நோய் உள்ளவர்களுக்கு ஒரு தடவை வரும்போது மொத்தம் 40 மைக்ரோகிராமுக்குள் நிறுத்திக்கொள்வது பல் மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றும் வழக்கம். ஆரோக்கியமானவருக்கு 200 வரை போகலாம். 80,000-க்கு 1 மருந்தில் 40 மைக்ரோகிராம் என்பது 3.2 மில்லி. 2,00,000-க்கு 1 மருந்தில் 8 மில்லி. நீங்கள் இதய நோயாளி என்று தெரிந்தால்தான் டாக்டர் இந்தக் கணக்கையே போடுவார். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மற்றவர்களுக்குப் போடுவது போலவே போட்டுக்கொண்டிருப்பார்.

இனி அதிகம் பேர் செய்யும் தவறுக்கு வருகிறேன். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால், "பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ஒண்ணு" என்பதோடு பதில் முடிந்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகும் மாத்திரைகளின் பெயர் பலருக்குத் தெரியாது. வெள்ளை மாத்திரை, சின்ன மாத்திரை என்றுதான் அடையாளம். இந்த ஊசியைப் பொறுத்தவரை அந்தப் பெயர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டைக்காரர், வயது 61, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது இரண்டு மாடி ஏறினாலும் நெஞ்சு வலிக்காது. கீழ்க் கடைவாய்ப் பல் உடைந்து வேர் மட்டும் நிற்கிறது. கிளினிக்கில் பார்த்தால் பிரஷர் 148/88. இதுவரை கவலைப்பட ஒன்றுமில்லை. கீழ்த்தாடை நரம்புக்கு ஒன்றரை மில்லி, கன்னப் பக்கம் ஈறுக்கு அரை மில்லி, மொத்தம் 25 மைக்ரோகிராம் என்று 80,000-க்கு 1 மருந்திலேயே முடித்துவிடலாம். நடுவில் வலித்தால் இன்னும் ஒரு மில்லி போடவும் இடம் இருக்கிறது.

கூட வந்த மகள் மாத்திரைக் கவரை மேசையில் கொட்டினார். ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாடின், டெல்மிசார்டான். நான்காவது பட்டையில் ப்ரொப்ரனலால். "இது ஏன் சொல்லல?" என்று அப்பாவிடம் கேட்டால், "அது இதயத்துக்கு இல்ல டாக்டர். கை நடுங்குதுன்னு வேற டாக்டர் கொடுத்தது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்டது இதய மாத்திரை. அவர் சொன்னதும் இதய மாத்திரை. கை நடுக்கம், ஒற்றைத் தலைவலி, தைராய்டுப் படபடப்பு, கல்லீரல் கோளாறு என்று பலவற்றுக்கு இதைத் தருகிறார்கள்.

அட்ரினலின் உடம்பில் இரண்டு வேலை செய்கிறது. சில ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, தசைகளில் இருக்கும் குழாய்களை விரிக்கிறது. இரண்டும் சேரும்போது பிரஷர் பெரிதாக ஏறுவதில்லை. ப்ரொப்ரனலால் அந்த விரிக்கும் வேலையைத் தடுத்துவிடும். மிஞ்சுவது சுருக்கம் மட்டும். பிரஷர் சட்டென்று ஏறும், அதைச் சமாளிக்க இதயத் துடிப்பு இறங்கும். கடும் தலைவலி, குறைந்துகொண்டே போகும் நாடி, இவைதான் அடையாளம். கார்வெடிலால் சாப்பிடுபவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மெட்டோப்ரோலால், அட்டெனலால், பிசோப்ரோலால் ஆகியவை பெரும்பாலும் இதயத்தை மட்டும் குறிவைப்பதால் இந்தச் சிக்கல் அவற்றில் குறைவு.

அதற்காக இவருக்கு ஊசியே போடக்கூடாது என்று இல்லை. 2,00,000-க்கு 1 மருந்துக்கு மாறி, முதலில் ஒரு மில்லி போட்டு ஐந்து நிமிடம் பொறுத்து, பிரஷரையும் நாடியையும் பார்க்க வேண்டும். மாற்றம் இல்லையென்றால் அடுத்த மில்லி. இரண்டு மில்லிக்கு மொத்தம் 10 மைக்ரோகிராம். கூடவே அவர், "ஆட்டோவுக்கு ரெண்டு தடவை கொடுக்கணுமே, மேல் பல்லையும் இன்னிக்கே எடுத்துடுங்க" என்றார். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளக் கூடாது. நேரம் நீள நீள ஊசியும் கூடும், இதயத்துக்கு அலுப்பும் கூடும்.

இதைக் கேட்டதும் சிலர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: "அப்ப முந்தின நாளே அந்த மாத்திரையை நிறுத்திடலாமா?" நிறுத்தவே கூடாது. ப்ரொப்ரனலால் வகை மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் நெஞ்சு வலியே வரலாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் மாத்திரைகளை "ரத்தம் நிக்காது" என்று தாங்களாகவே நிறுத்துவது அதைவிட மோசம்; ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒரு பல் எடுத்த இடத்து ரத்தத்தைப் பஞ்சால் அழுத்தியோ, தையல் போட்டோ நிறுத்திவிடலாம். பல் எடுக்கும் நாளன்று காலை மாத்திரைகள் எல்லாவற்றையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனைச் சீட்டையும் எடுத்துவர வேண்டும்.

கவரில் இன்னும் இரண்டு பெயர்களைத் தேட வேண்டும். ஒன்று அமிட்ரிப்டிலின். தூக்கத்துக்கும், சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கும் தருவது. இது அட்ரினலினின் வேகத்தைக் கூட்டும். இன்னொன்று டிகாக்சின், இதைச் சாப்பிடுபவருக்குத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், பல் டாக்டர் முதலில் இதய டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

மாத்திரைக்கு அடுத்து சொல்ல வேண்டியது தேதி. "ஹார்ட் அட்டாக் வந்துச்சு" என்றால் போதாது, எப்போது என்பதுதான் முக்கியம். வந்து சில வாரங்களே ஆனவருக்கும், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலிப்பவருக்கும், படுத்தால் மூச்சு முட்டுபவருக்கும், பிரஷர் 180/110-ஐத் தொட்டவருக்கும் அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிப்போடுவதுதான் சரி. வலியும் வீக்கமும் தாங்கவில்லை என்றால் கிளினிக்கில் வேண்டாம். இதய டாக்டரும் மானிட்டரும் கூட இருக்கும் பெரிய மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டான்லிக்கு அனுப்புகிறார்களே என்று அப்போது வருத்தப்படாதீர்கள்.

முன்பு எப்போதாவது ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். "எனக்கு அந்த ஊசி அலர்ஜி" என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கீழ்த்தாடையில் ஊசி போகும் இடத்தில் ரத்தக் குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது. பத்துப் பேருக்குப் போட்டால் ஒருவருக்காவது ஊசி முனை குழாய்க்குள் போய்விடும். அதனால்தான் மருந்தைத் தள்ளுவதற்கு முன் சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு நிமிடத்துக்கு ஒரு மில்லிக்கு மிகாமல் மெதுவாகச் செலுத்துகிறார்கள். அதையும் மீறிக் கொஞ்சம் உள்ளே போனால் படபடப்பு, கை நடுக்கம் வரும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். உண்மையான ஒவ்வாமை என்றால் உடம்பில் தடிப்பு, அரிப்பு, முகம் வீங்குதல், மூச்சிரைப்பு இருக்கும். இரண்டில் எது நடந்தது என்று விவரித்தால் போதும். பெயரை டாக்டர் வைத்துக்கொள்வார்.

பல்லுக்கு மூடி போடும்போது, அளவெடுப்பதற்கு முன் ஈறை ஒதுக்க ஒரு நூலை நுழைப்பார்கள். அட்ரினலின் தோய்த்த நூலும் உண்டு, அதில் மருந்து அதிகம். ஊசி போடாத நாளிலும் இதய நோயை நினைவுபடுத்துவது இதற்காகத்தான். அட்ரினலின் இல்லாத நூலை வைத்து வேலையை முடிக்கலாம்.

சார்பிட்ரேட் மாத்திரை வழக்கமாக வைத்திருப்பவர்கள் அதைச் சட்டைப் பையிலேயே கொண்டுவாருங்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரையை முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ சாப்பிட்டிருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்; அதோடு சார்பிட்ரேட் சேர்ந்தால் பிரஷர் அடியோடு விழுந்துவிடும். நாற்காலியில் இருக்கும்போது நெஞ்சு இறுகினால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காமல் உடனே கையைத் தூக்குங்கள். வேலையை நிறுத்தி, சாய்த்து உட்கார வைத்து, நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால், பல் பாதியில் நின்றாலும் சரி, 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.