செங்கோட்டை–புனலூர் ரயில்ல போன் கால் கட்டாவறத குறைச்ச என் அனுபவம்

செங்கோட்டை புனலூர் மலைப்பாதைல போன் கால் அடிக்கடி கட்டாகும், ஆனா எல்லா கட்டும் ஒண்ணில்லங்க. சிக்னல் கோடு ஒவ்வொண்ணா குறைஞ்சு ‘No service’ வந்தா அது மலையும் சுரங்கமும் மறைக்கிற டெட் சோன், அங்க எந்த செட்டிங்கும் உதவாது.

கோடு நல்லா இருக்கறப்பவே பொசுக்குனு கட்டானா, ஒரு டவர்லேர்ந்து அடுத்த டவருக்கு கால் மாறுற ஹேண்டோவர்ல சந்தேகப்படலாம். போன் பக்கத்து டவர் சிக்னலை அளந்து சொல்லும், அந்த டவருக்கு மாறுன்னு நெட்வொர்க்லேர்ந்து உத்தரவு வரணும், அது வர்றதுக்குள்ள வளைவுல ரயில் திரும்பி பழைய டவர் விட்டுப்போனா கால் போச்சு. எனக்கு 5ஜி 4ஜின்னு மாறி மாறி தாவினதும் சேர்ந்துக்கிச்சு, அதனால Preferred network type-ல 5ஜிய எடுத்துட்டு 4ஜி 3ஜி 2ஜி ஆட்டோ வச்சேன், நல்லாவே குறைஞ்சிருச்சு. 4ஜி மட்டும்னு வைக்காதீங்க, அது இல்லாத இடத்துல 2ஜிக்குக் கூட இறங்காது.

சுரங்கம் தாண்டியும் டேட்டா வரலன்னா ஏரோபிளேன் மோட் 10 செகண்ட் போட்டு எடுங்க, போன் புதுசா டவர் தேடும்.