வெள்ளையும் சிவப்பும் இருந்தால் கோஹாகுவா? படத்தைப் பார்த்து மீன் வகை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளை உடம்பு, முதுகில் சிவப்புத் திட்டுகள். படத்தைப் பார்த்தவர்கள் சட்டென்று "கோஹாகு கோய்" என்று, ஜப்பானிய அலங்காரக் கெண்டையான கோய் மீனின் ஒரு வகையாக, சொல்லிவிடுவார்கள். ஆனால் சராசா காமெட் என்ற தங்கமீனும் இதே வெள்ளை, இதே சிவப்புதான். கோய், தங்கமீன் இரண்டிலும் சிவப்பு, வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் வரும். அதனால் நிறத்தை வைத்து ஆரம்பித்தால் முதல் அடியே சறுக்கும். மீசையையும் துடுப்பையும் முதலில் பார்த்து, அப்புறம் செதிலுக்கு வந்து, திட்டுகளைக் கடைசியில் பார்ப்பதுதான் சரியான வரிசை.

கோய்க்கு வாயைச் சுற்றி இரண்டு ஜோடி மீசை உண்டு. வாயோரத்தில் இருக்கும் ஜோடி நீளமானது, மேலுதட்டு ஜோடி சின்னது. தங்கமீனுக்கு மீசையே கிடையாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்தான் தவறு நடக்கிறது. "மீசை தெரியவில்லை, ஆகவே தங்கமீன்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் மீசை தலைக்கு அடியில் மறைந்துவிடும். நீந்தும்போது கன்னத்தோடு ஒட்டியும் கிடக்கும். மீசை தெரிந்தால் தங்கமீன் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். தெரியாவிட்டால் எதையும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். இரண்டும் கலந்து பிறந்த மீன்களும் உண்டு. அவற்றுக்குக் குட்டையான, அரைகுறை மீசை இருக்கும்.

மீசை தெரியாத படத்தில், பக்கவாட்டில் எடுத்த தெளிவான படமாக இருந்தால், செதில் எண்ணிக்கை கைகொடுக்கும். செவுள் மூடிக்குப் பின்னாலிருந்து வால் அடி வரை உடம்பின் நடுவே ஒரு மெல்லிய புள்ளிக்கோடு ஓடும். அதற்குப் பக்கக்கோடு என்று பெயர். அந்தக் கோட்டில் இருக்கும் செதில்களை எண்ணினால் சாதாரண ஒற்றை வால் தங்கமீனில் சுமார் 25 முதல் 31 வரை வரும். முழுச் செதில் உள்ள கோய் மீனில் 33-க்கு மேல் போகும். படத்தைப் பெரிதாக்கி எண்ணச் சலிப்பாக இருந்தால், செதிலின் அளவைப் பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும். ஒரே நீள உடம்பில் தங்கமீனின் செதில்கள் பெரிதாகவும் குறைவாகவும் தெரியும்.

துடுப்பில் நடக்கும் பெரிய தவறு, நீளத்தைப் பார்த்து இனத்தை முடிவு செய்வது. நீண்டு தொங்கும் வாலைப் பார்த்ததும் காமெட் தங்கமீன் என்று நினைப்பார்கள். பட்டர்ஃப்ளை கோய்க்கும் துடுப்புகள் அப்படித்தான் நீண்டு விரிந்திருக்கும். துடுப்பின் நீளம் இனத்தைச் சொல்லாது, துடுப்பின் எண்ணிக்கை சொல்லும். வால் துடுப்பு ஒன்றாக இல்லாமல் இரண்டாக, ஜோடியாக நின்றால் அது தங்கமீன்தான். முதுகுத் துடுப்பே இல்லாமல் வளர்க்கப்படும் வகையும் தங்கமீனில்தான் உண்டு. ரான்ச்சு, லயன்ஹெட் இரண்டும் அப்படிப்பட்டவை. தலையில் புடைத்த சதை இருப்பதை மட்டும் பார்த்து ஒரான்டாவையும் ரான்ச்சுவையும் குழப்பிக்கொள்பவர்கள், ஒருமுறை முதுகைப் பார்த்தால் போதும். ஒரான்டாவின் முதுகில் துடுப்பு நிமிர்ந்து நிற்கும், ரான்ச்சுவின் முதுகு மொட்டையாக இருக்கும்.

செதிலுக்கு வருவோம். "மினுமினுக்கிறது, ஆகவே கின்ரின்" என்பது அடிக்கடி கேட்கும் தீர்ப்பு. கோய் மீனில் மினுமினுப்பு இரண்டு விதம். ஓகோன் போன்ற உலோகப் பளபளப்பு வகையில் தோலே மின்னும். கின்ரினில் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக மின்னும். படத்தில் இதைப் பிரிக்க ஒரு நல்ல வழி, தலையைப் பார்ப்பது. கோயின் தலையில் செதில் கிடையாது. அதனால் வெறும் கின்ரினாக இருந்தால் உடம்பு மினுங்கும், தலை சாதாரணமாக இருக்கும். தலையும் மார்புத் துடுப்பும் சேர்ந்து பளபளத்தால் அது உலோகப் பளபளப்பு. இரண்டும் சேர்ந்த மீன்களும் இருக்கின்றன. தலையும் மின்னும், செதிலும் ஒவ்வொன்றாக மின்னும்.

மூன்றாவது மினுமினுப்பு ஒன்று இருக்கிறது. அது மீனிடமிருந்து வருவதில்லை, கேமராவிலிருந்து வருகிறது. ஃப்ளாஷ் அடித்தாலோ, வெயில் நேராக விழுந்தாலோ, உடம்பு வளையும் இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டை விழும். அந்தப் பட்டை செதில் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் குறுக்கே ஓடும். கின்ரின் மினுக்கம் அப்படி ஓடாது, செதிலுக்குச் செதில் நின்று நின்று தெரியும். ஒரே ஒரு படத்தை வைத்து கின்ரின் என்று விற்பவரிடம், வேறு கோணத்தில் இன்னொரு படம் கேட்பதில் தப்பே இல்லை.

செதிலே இல்லாதது போலத் தெரியும் மீன்களில் இன்னொரு குழப்பம் வரும். டோய்ட்சு வகைக் கோய் மீனில் செதில்கள் முதுகின் இரு பக்கமும், சிலவற்றில் பக்கக்கோட்டிலும், பெரிது பெரிதாக வரிசையில் நிற்கும். மீதி இடமெல்லாம் வெறும் தோல். 1910-இல் உருவான ஷுசுய் இந்த வகைதான், நீல முதுகில் அந்த வரிசை அழகாகத் தெரியும். ஷுபுன்கின் போன்ற தங்கமீன்களிலும் செதில் இல்லாதது மாதிரி தெரியும். ஆனால் அங்கே செதில் இருக்கிறது, பளபளப்புப் பூச்சு இல்லாததால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறது. இடையிடையே பளபளக்கும் செதில் ஒன்றிரண்டு அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும். வரிசையாக இருந்தால் டோய்ட்சு, சிதறிக் கிடந்தால் தங்கமீன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி திட்டுகள். இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: சான்கேவா, ஷோவாவா? இந்த இரண்டு கோய் வகைகளிலும் வெள்ளை, சிவப்பு, கறுப்பு மூன்றும் இருக்கும். எந்த நிறம் அதிகம் என்று பார்த்து, கறுப்பு குறைவாக இருந்தால் சான்கே, அதிகமாக இருந்தால் ஷோவா என்று சொல்லிவிடுவதுதான் வழக்கமான தவறு. எவ்வளவு கறுப்பு என்பதை விட, எங்கே கறுப்பு என்பதைப் பார்க்க வேண்டும்.

ஷோவா 1927 வாக்கில் உத்சுரி வகை மீனையும் கோஹாகுவையும் கலந்து உருவாக்கப்பட்டது. உத்சுரி, கறுப்பு உடம்போடு வரும் மீன். அந்தக் கறுப்பு ஷோவாவுக்கும் வந்திருக்கிறது. அதனால்தான் ஷோவாவின் கறுப்பு முதுகில் மட்டும் நிற்காமல் விலா வழியாக வயிற்றுப் பக்கம் இறங்கி உடம்பைச் சுற்றிக்கொள்ளும். தலையிலும் கறுப்புக் கோடு ஏறும். மார்புத் துடுப்பின் அடியில், உடம்போடு சேரும் இடத்தில், கறுப்புத் திட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். சான்கே அப்படியல்ல. அது கோஹாகு போன்ற வெள்ளை உடம்பில் கறுப்புத் துளிகள் சேர்ந்தது. கறுப்பு பெரும்பாலும் பக்கக்கோட்டுக்கு மேலேயே நின்றுவிடும், தலை சுத்தமாக இருக்கும். மார்புத் துடுப்பில் கறுப்பு வந்தால் துடுப்பின் கதிர்கள் வழியே நீளக் கோடுகளாக வரும், அடியில் திட்டாக வராது.

ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம். மேலிருந்து எடுத்தது, "சான்கே" என்று தலைப்பு. உடம்பில் பாதிக்கு மேல் வெள்ளை. தலையில் பெரிய சிவப்பு, முதுகில் இரண்டு சிவப்புத் திட்டு, இடையிடையே கறுப்பு. பார்த்ததும் சான்கே என்றுதான் தோன்றும். இப்போது தலையைப் பெரிதாக்குங்கள். சிவப்பின் நடுவே நெற்றியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு வளைந்து கண்ணோரம் போகிறது. இது சந்தேகத்துக்கு முதல் காரணம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, சான்கேயிலும் அபூர்வமாகத் தலையில் கறுப்புத் துளி விழும். அடுத்து இடது மார்புத் துடுப்பு. அது விரிந்திருக்கிறது. நுனி வெள்ளை, அடியில் அரைவட்டமாக அடர்ந்த கறுப்பு. நீளக் கோடு ஒன்றும் இல்லை. இது இரண்டாவது. கடைசியாக, முதுகுத் துடுப்புக்குக் கீழே உள்ள கறுப்புத் திட்டு எங்கே முடிகிறது என்று பார்க்கிறோம். அது முடியவில்லை, உடம்பின் விளிம்பைத் தாண்டிக் கீழே போய் மறைகிறது. மூன்றும் ஒரே பக்கம் காட்டுகின்றன. இது ஷோவா. வெள்ளை அதிகமாக உள்ள இந்த ஷோவாவை கின்டாய் ஷோவா என்பார்கள். தவறு அதிகம் நடப்பது இதில்தான்.

இதே பார்வையைச் சிவப்பு இல்லாத மீன்களுக்கும் எடுத்துப் போகலாம். வெள்ளையும் கறுப்பும் மட்டும் உள்ள இரண்டு வகைகளில், தலை சுத்தமாக இருந்து கறுப்பு முதுகில் துளியாக நின்றால் ஷிரோ பெக்கோ. தலையில் கறுப்பு ஏறி, உடம்பைச் சுற்றினால் ஷிரோ உத்சுரி.

மூன்று நிற ஷுபுன்கினைப் பார்த்து சான்கே என்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே கறுப்பு பெரும்பாலும் பொடிப்பொடியாக உடம்பெங்கும், துடுப்புகள் மேலும் தெளித்திருக்கும். நீலச் சாயலும் கலந்திருக்கும்.

இவ்வளவும் வளர்ந்த மீனுக்குத்தான் பொருந்தும். குஞ்சு ஷோவாவில் மார்புத் துடுப்பு முழுக்கக் கறுப்பாக இருந்து, வளர வளர அடியை நோக்கிச் சுருங்கலாம். உடம்பின் கறுப்பு, தோலுக்கு அடியில் சாம்பல் நிறமாகப் பதுங்கியிருந்து பிறகு மேலே வரும். சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும் தங்கமீன்களில் பலவும் குஞ்சாக இருக்கும்போது வெண்கல நிறத்தில் இருந்தவைதான். ஒரு சின்ன ஒரான்டாவின் தலையில் சதை வளரவே இல்லை என்றால், அதை சாதாரண விசிறிவாலிலிருந்து படத்தில் பிரிப்பது கடினம்.

படத்தின் கோணமும் இதில் பாதி. கோயின் திட்டுகளை மேலிருந்துதான் பார்க்க வேண்டும், மார்புத் துடுப்புகள் விரிந்த நேரத்தில் எடுத்திருக்க வேண்டும். ஜோடி வால் தங்கமீனுக்குப் பக்கவாட்டுப் படம் வேண்டும், தலைக்குப் பின்னால் முதுகு கூனுகிறதா என்று பார்த்தால்தான் ரியுகினா இல்லையா என்று தெரியும். மார்புத் துடுப்பு மடங்கியிருக்கும் படத்தைக் காட்டி "சான்கேவா, ஷோவாவா" என்று யாராவது கேட்டால், முக்கியமான சான்று படத்தில் இல்லை என்று சொல்லி, துடுப்பு விரிந்த இன்னொரு படத்தைக் கேட்டு வாங்குங்கள்.