நடுவரை ஏமாற்றிப் பார்த்தேன்

மொரீஷியஸில், ரோஸ் ஹில் பக்கம், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அவர்களுடைய இலக்கணச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஏஐ மாடல் வைத்திருந்தேன். எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அதற்குச் சொல்லும் பிராம்ப்ட்டை மாற்றி எழுதியதும், பழைய பதில் நல்லதா புதிய பதில் நல்லதா என்று 60 கேள்விகளுக்கு இன்னொரு மாடலை நடுவராக்கினேன். புதியது 41 இடத்தில் வென்றது. சந்தோஷம்தான். ஆனால் எல்லாக் கேள்வியிலும் புதியதையே முதலில் வைத்திருந்தேன்.

வரிசையை மாற்றி மறுபடி ஓட்டினேன். புதியதற்கு 24தான்! இரண்டு முறையும் ஒரே தீர்ப்பு வந்ததை மட்டும் எண்ணினால் புதியது 22, பழையது 17. மீதி 21இல் தீர்ப்பு புரண்டது. அதில் 19இல் முதலில் இருந்ததே ஜெயித்தது. அந்த 21ஐயும் சமன் என்று போட்டேன்.

அப்புறம் அந்த 22ஐப் படித்தேன். 'மரம்' என்பதன் பன்மை என்ன என்ற கேள்விக்குப் பழையது, "மரங்கள். ம் இங்கே ங் ஆகும்" என்றது. புதியது அதையே சொல்லி, மரங்களின் பெருமையை ஆறு வரி பாடியது. நடுவர் பாட்டுக்குத்தான் மார்க் போட்டிருந்தார்.

ஒரே பதிலை எடுத்து, ஒன்றில் மட்டும் வெற்று வாக்கியம் இரண்டை ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு வரிசையிலும் நீண்டதே வென்றது. "நீளத்தைப் பார்க்காதே" என்று நடுவருக்கு எழுதியது பாதிதான் உதவியது. பதில் சரியா, கேட்காததைச் சொல்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டபோதுதான் ஒட்டு வேலை தோற்றது. இப்போது பழைய பிராம்ப்ட்டே ஓடுகிறது.