கீபோர்டில் மீன்டோன் சுருதியை அமைத்துக் கேட்பது எப்படி: தூய சுருதிக்கும் சமச் சுருதிக்கும் இடையிலான வழி

இன்று கடையில் வாங்கும் எந்தக் கீபோர்டும் ஆக்டேவைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிக்கும் சமச் சுருதியில்தான் ஒலிக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஹார்ப்சிகார்டுக்கும் ஆர்கனுக்கும் எழுதப்பட்ட இசையில் பெரும்பகுதி வேறொரு சுருதியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மீன்டோன் எனப்படும் அந்தச் சுருதியை நம் கீபோர்டிலேயே அமைத்து, அது எங்கே இனிக்கிறது, எங்கே உடைகிறது என்பதைக் காதால் அறிய இந்த விளக்கம் உதவும். சுருதிகளின் வரலாற்றைப் படிப்பதைவிட அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதே அதைப் புரிந்துகொள்ளும் நேர்வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தேவையானவை

மெனுவில் `Temperament` அல்லது `Scale Tune` என்ற அமைப்பு உள்ள டிஜிட்டல் பியானோ அல்லது கீபோர்டு ஒன்று போதும். ஒலியாக ஹார்ப்சிகார்டையோ, அடிப்படைச் சுரத்தின் மடங்குகளில் கூடவே ஒலிக்கும் மேற்சுரங்கள் நிறைந்த ஓர் ஆர்கன் ஒலியையோ தேர்ந்தெடுங்கள். வெறும் சைன் அலையில் இந்தச் சோதனை பலிக்காது. நாம் கேட்கப்போகும் விம்மல்கள், அதாவது ஒலி ஏறி இறங்கும் துடிப்புகள், அடிப்படைச் சுரங்களுக்கு இடையில் பிறப்பவை அல்ல. அவற்றின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று உரசும்போது பிறப்பவை. சைன் அலையில் மேற்சுரமே கிடையாது. உண்மையான பியானோவின் கம்பிகளை இதற்காகத் திருக வேண்டாம். இழுவிசையை மாற்றி மாற்றி வைத்தால் சுருதி நிலையாக நிற்காது.

முதல் படி: சமச் சுருதியின் காந்தாரத்தைக் கேளுங்கள்

கீபோர்டைச் சமச் சுருதியிலேயே விட்டுவிட்டு, நடு சி கட்டையையும் அதற்கு மேலுள்ள ஈ கட்டையையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். கர்நாடக இசை கேட்டவர்களுக்கு இது சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள தொலைவு. கூர்ந்து கேட்டால் ஒலியின் மேற்பகுதியில் ஒரு வேகமான நடுக்கம் கேட்கும்.

அதன் காரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நடு சி-யின் அதிர்வெண் 261.63 ஹெர்ட்ஸ், ஈ-யின் அதிர்வெண் 329.63 ஹெர்ட்ஸ். சி-யின் ஐந்து மடங்கு 1308.1, ஈ-யின் நான்கு மடங்கு 1318.5. அருகருகே உள்ள இந்த இரு மேற்சுரங்களும் நொடிக்குச் சுமார் பத்து விம்மல்களை எழுப்புகின்றன. இரண்டும் ஒன்றாகிவிட்டால், அதாவது ஈ சரியாக சி-யின் 5/4 மடங்காக இருந்தால், நடுக்கம் முற்றிலும் நின்றுவிடும். அதுதான் தூய சுருதியின் காந்தாரம். ஒரு சம அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் வரும் சென்ட் என்ற அளவில் சொன்னால், தூய காந்தாரம் 386 சென்ட், சமச் சுருதியின் காந்தாரம் 400 சென்ட்.

இப்போது சி-யையும் ஜி-யையும் அழுத்துங்கள். இது பஞ்சம இடைவெளி. தூய விகிதம் 3/2. சமச் சுருதியில் இது வெறும் 2 சென்ட் குறைவு என்பதால் விம்மல் நொடிக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். சமச் சுருதி பஞ்சமத்தை ஏறத்தாழ அப்படியே காத்துவிட்டு, விலையைக் காந்தாரத்திடம் வசூலிக்கிறது என்பதை இந்த இரண்டு ஒலிகளும் காட்டிவிடும்.

இரண்டாம் படி: எல்லாவற்றையும் தூயதாக வைக்க முடியாததை உணருங்கள்

எல்லா இடைவெளிகளையும் தூயதாகவே வைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். மெனுவில் `Pure Major` அல்லது `Just Major` இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, அடிப்படைச் சுரத்தை C என்று வையுங்கள். சி-ஈ-ஜி, எஃப்-ஏ-சி, ஜி-பி-டி ஆகிய மூன்று கூட்டுச்சுரங்களும் அசைவின்றி நிற்கும். அடுத்து டி-யையும் ஏ-யையும் சேர்த்து அழுத்துங்கள். வெள்ளைக் கட்டைகளுக்குள்ளேயே பஞ்சமம் ஒன்று கரகரக்கும்.

எண்களில் இப்படி: சி 264 என்றால், டி அதன் 9/8 மடங்கு, அதாவது 297, ஏ அதன் 5/3 மடங்கு, அதாவது 440. ஆனால் டி-க்குத் தூய பஞ்சமம் வேண்டுமென்றால் ஏ 445.5 ஆக இருக்க வேண்டும். ஒரே ஏ கட்டை இரண்டு அதிர்வெண்களில் ஒலிக்க முடியாது. 440-க்கும் 445.5-க்கும் உள்ள விகிதம் 81/80. இதைச் சின்டானிக் கோமா என்கிறார்கள், அளவு 21.5 சென்ட். சி-யிலிருந்து நான்கு தூய பஞ்சமங்கள் ஏறி இரண்டு ஆக்டேவ் இறங்கினால் கிடைக்கும் ஈ 81/64. தூய காந்தாரம் 80/64. இடையிலுள்ள வேறுபாடு இதே கோமாதான். பாடகரோ வயலின் வாசிப்பவரோ போகிற போக்கில் இதைச் சரிசெய்துகொள்வார். கீபோர்டில் கட்டைகளின் சுருதி வாசிக்கும் முன்பே முடிவாகிவிடுவதால், கோமாவை எங்காவது ஒளித்துவைத்தே ஆக வேண்டும்.

மூன்றாம் படி: மீன்டோனை அமையுங்கள்

காந்தாரமே முக்கியம், பஞ்சமம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்பது மீன்டோனின் தீர்ப்பு. நான்கு பஞ்சமங்கள் சேர்ந்து ஒரு கோமா அதிகமாகின்றன என்றால், ஒவ்வொன்றிலும் கால் கோமா குறைத்துவிட்டால் காந்தாரம் தூயதாகிவிடும். வெனிஸில் 1523-இல் வெளியான நூலில் பியெத்ரோ ஆரோன் சொல்லும் முறையும் இப்படித்தான் தொடங்குகிறது: முதலில் சி-ஈ இடைவெளியைத் தூயதாக வை, பிறகு சி-ஜி, ஜி-டி, டி-ஏ, ஏ-ஈ பஞ்சமங்களைச் சற்றே குறைத்து வை. கால் கோமா முறையில் மீதி ஏழு சுரங்களையும் தூய காந்தாரங்களாகவே பிடித்துவிடலாம். ஜி-யிலிருந்து பி, டி-யிலிருந்து எஃப் ஷார்ப், ஏ-யிலிருந்து சி ஷார்ப், ஈ-யிலிருந்து ஜி ஷார்ப் என்று மேலே ஏற வேண்டும். ஏ-க்குக் கீழே எஃப், டி-க்குக் கீழே பி ஃப்ளாட், ஜி-க்குக் கீழே ஈ ஃப்ளாட் என்று இறங்க வேண்டும்.

டிஜிட்டல் கீபோர்டில் `Meantone` என்ற அமைப்பு இருந்தால் அடிப்படையை C என்று வைத்துத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாக எண் கொடுக்கும் கருவியென்றால் இந்த சென்ட் அளவுகளை இடுங்கள். ஏ மாறாமல் 440-இலேயே நிற்கும்.

```
C  +10.3    F# -10.3
C# -13.7    G   +6.8
D   +3.4    G# -17.1
Eb +20.5    A    0
E   -3.4    Bb +17.1
F  +13.7    B   -6.8
```

முழு எண் மட்டுமே ஏற்கும் கருவியில் அருகிலுள்ள முழு எண்ணைக் கொடுக்கலாம். காந்தாரத்தில் மிக மெதுவான விம்மல் ஒன்று எஞ்சும், அவ்வளவுதான். அமைத்து முடித்ததும் சி-ஈ நடுக்கமின்றி நிற்கிறதா என்று பாருங்கள். சி-ஜி பஞ்சமம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டரை முறை விம்ம வேண்டும். அடுத்து ஜி ஷார்ப் கட்டையையும் அதற்கு மேலுள்ள ஈ ஃப்ளாட் கட்டையையும் சேர்த்து அழுத்துங்கள். பதினொரு பஞ்சமங்களிலும் குறைத்தது எல்லாம் பன்னிரண்டாவது இடத்தில் குவிந்து, 702 சென்ட் இருக்க வேண்டிய இடைவெளி 738 ஆகிவிட்டது. ஊளையிடும் அந்த ஒலிக்கு ஓநாய் என்றே பெயர். ஊளை வேறிடத்தில் கேட்டால் அடிப்படைச் சுரம் தவறாக வைக்கப்பட்டிருக்கும், அல்லது `Transpose` இயங்கிக்கொண்டிருக்கும்.

நான்காம் படி: எந்தக் கூட்டுச்சுரங்கள் கிடைக்கின்றன என்று பாருங்கள்

இப்போது மேஜர் கூட்டுச்சுரங்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட், எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ என எட்டும் அமைதியாக ஒலிக்கும். பி, எஃப் ஷார்ப், சி ஷார்ப், ஏ ஃப்ளாட் ஆகிய நான்கில் காந்தாரம் 427 சென்ட் என்பதால் அவற்றைக் காது ஏற்காது. ஏ ஃப்ளாட் என்று நாம் அழுத்தும் கட்டை உண்மையில் ஜி ஷார்ப். அக்காலத்தில் இவை 41 சென்ட் விலகிய இரண்டு வெவ்வேறு சுரங்கள். கட்டை ஒன்றுதான் இருந்தது.

மீன்டோனுக்கு எழுதிய இசை அந்த எட்டுக் கூட்டுச்சுரங்களைச் சுற்றியே உலவுவதன் காரணம் இதுவே. அதை இசையமைப்பாளர்களின் கற்பனைக் குறைவாகக் கருதுவது பெரும் அநீதி. அசைவற்ற காந்தாரத்தில் நீண்டு நிற்கும் முடிவுகள், நடுவே வேண்டுமென்றே வரும் கூர்மையான அரைச்சுர நகர்வுகள் என்று அந்தச் சுருதியின் எல்லையையே அவர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். சி-யிலிருந்து சி ஷார்ப் வரை வாசித்து, பிறகு சி ஷார்ப்பிலிருந்து டி வரை வாசியுங்கள். முதல் அரைச்சுரம் 76 சென்ட், அடுத்தது 117 சென்ட். சமச் சுருதியில் இந்த ஏற்றத்தாழ்வு அழிந்துவிடுவதால், அக்காலத்து அரைச்சுரக் கோவைகள் இன்றைய பியானோவில் ஒரே சீராகத் தட்டையாகிவிடுகின்றன.

எல்லையைத் தாண்ட விரும்பியவர்கள் கட்டையையே பிளந்தார்கள். லண்டன் டெம்பிள் தேவாலயத்துக்கு 1680-களில் பெர்னார்ட் ஸ்மித் செய்த ஆர்கனில், ஜி ஷார்ப்புக்கும் ஏ ஃப்ளாட்டுக்கும், டி ஷார்ப்புக்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் முன்னும் பின்னுமாகத் தனித்தனித் துண்டுகள் இருந்தன.

ஐந்தாம் படி: வெர்க்மைஸ்டர் சுருதிக்கு மாறுங்கள்

கட்டையைப் பிளக்காமல் எல்லா இடங்களையும் திறந்துவிட ஜெர்மனியில் வேறு வழி கண்டார்கள். ஆந்திரேயாஸ் வெர்க்மைஸ்டர் 1691-இல் வெளியிட்ட ஒரு முறை, சி-ஜி, ஜி-டி, டி-ஏ, பி-எஃப் ஷார்ப் ஆகிய நான்கு பஞ்சமங்களை மட்டும் குறைத்து, மற்ற எட்டையும் தூயதாகவே விடுகிறது. மெனுவில் `Werckmeister` என்பதைத் தேர்ந்தெடுத்து முதலில் சி மேஜரையும், அடுத்து சி ஷார்ப் மேஜரையும் வாசியுங்கள். முன்னதில் காந்தாரம் 390 சென்ட், பின்னதில் 408. ஓநாய் எங்கும் இல்லை; ஆயினும் ஒவ்வொரு கூட்டுச்சுரமும் ஒவ்வொரு அளவில் இறுக்கமாக ஒலிக்கிறது.

பாக் 1722-இல் தொகுத்த, இருபத்து நான்கு மேஜர், மைனர் ஸ்கேல்களிலும் முன்னிசையும் ஃபியூகும் கொண்ட தொகுப்பு இந்தச் சூழலில்தான் பிறந்தது. அது சமச் சுருதிக்காக எழுதப்பட்டது என்று பல இடங்களில் படிக்கலாம். தலைப்பு சொல்வது 'நன்கு சுருதி சேர்த்த' கருவி என்பதை மட்டுமே. பாக் சேர்த்த சரியான சுருதி எது என்பதில் இன்றும் வாதம் தீரவில்லை. அதிலுள்ள சி ஷார்ப் மேஜர் முன்னிசையின் சில அடிகளை மீன்டோனிலும், பிறகு வெர்க்மைஸ்டரிலும் வாசித்துப் பாருங்கள். முதலாவதில் ஒரு வரிகூடத் தாங்காது. இரண்டாவதில் காந்தாரங்கள் அகன்றிருந்தாலும், சுரங்கள் நிற்காமல் ஓடுவதால் நடுக்கம் மினுமினுப்பாக மாறிவிடுகிறது.

ஆறாம் படி: சமச் சுருதிக்குத் திரும்புங்கள்

சமச் சுருதியின் கணக்கு அதற்கும் நெடுங்காலம் முன்பே தெரிந்ததுதான். சீனாவில் சூ ட்சையூ 1584-இலேயே இரண்டின் பன்னிரண்டாம் மூலத்தைக் கணக்கிட்டுவிட்டார். வீணையில் உள்ளதுபோல் விரல் வைக்கும் மெட்டு ஒன்றே பல கம்பிகளுக்குக் குறுக்கே ஓடும் லூட் போன்ற கருவிகளில் சம அரைச்சுரங்கள் முன்பே வழங்கின. கீபோர்டுக்காரர்கள் தயங்கியது அறியாமையால் அல்ல, காந்தாரத்தை இழக்க மனமில்லாமல்தான். லண்டனின் பிராட்வுட் பியானோ நிறுவனம் சமச் சுருதியைத் தன் வழக்கமாக்கிக்கொண்டதே 1846-ஆம் ஆண்டு வாக்கில்தான்.

இழப்புக்கு ஈடாகக் கிடைத்ததைக் கேட்க, ஏ ஃப்ளாட் மேஜர், சி மேஜர், ஈ மேஜர், மீண்டும் ஏ ஃப்ளாட் மேஜர் என்று வரிசையாக வாசியுங்கள். தூய காந்தாரங்கள் மூன்றை அடுக்கினால் ஆக்டேவுக்கு 41 சென்ட் குறையும், வட்டம் மூடாது. சமச் சுருதியில் அது இயல்பாக மூடிக்கொள்கிறது. ஷூபர்ட்டும் லிஸ்ட்டும் விரும்பிச் சென்ற காந்தாரத் தாவல்களுக்கு இந்த மூடிய வட்டம் தேவை.

இனி வாசிக்கும்போது இசையைப் பார்த்துச் சுருதியைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரெஸ்கோபால்டி, பர்ட் போன்ற மீன்டோன் காலத்து இசையமைப்பாளர்களுக்கு மீன்டோனை வையுங்கள். வாசிக்கும் பகுதியில் ஈ ஃப்ளாட் வராமல் டி ஷார்ப் மட்டும் வந்தால், மேலுள்ள பட்டியலில் `Eb +20.5` என்பதை `D# -20.5` என்று மாற்றுங்கள்; பி மேஜர் தூயதாகிவிடும், ஓநாய் டி ஷார்ப்புக்கும் பி ஃப்ளாட்டுக்கும் இடையே நகர்ந்துவிடும். ஹார்ப்சிகார்டுக்காரர்கள் இன்றும் ஒரு நிகழ்ச்சியின் நடுவே சில கம்பிகளை மட்டும் திருகிச் செய்வது இதைத்தான்.