அடைப்புக்குறிக்குள் யார் பெயர்? முதல் ஆய்வேடு எழுதுபவர்களுக்கான உசாத்துணைச் செய்முறை

என்னுடைய முதுகலைமாணி ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் மேற்பார்வையாளரிடமிருந்து திரும்பி வந்தபோது எழுத்தில் பிழை என்று ஒன்றும் இல்லை. ஓரங்களில் பென்சிலால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப இருந்தது: "இவர் பட்டியலில் எங்கே?" அடைப்புக்குறிக்குள் நான் "கா. சிவத்தம்பி" என்று எழுதியிருந்தேன். கடைசிப் பட்டியலில் அவர் "Sivathamby, K." என்று இருந்தார். ஒரே ஆள்தான். ஆனால் வாசிப்பவர் கானாவில் தேடினால் அவர் கிடைக்கமாட்டார்.

உரைக்குள் வரும் மேற்கோள் குறிப்பும் கடைசியில் வரும் உசாத்துணைப் பட்டியலும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். அடைப்புக்குறிக்குள் வரும் முதற் சொல், பட்டியலில் அந்தப் பதிவின் முதற் சொல்லாகவே இருக்கவேண்டும். ஏபிஏ, ஹாவர்ட் என்ற உசாத்துணை முறைகள் இரண்டுக்கும் அடிப்படை இதுதான். தமிழ்ப் பெயர்களில் இந்தக் கயிறு எங்கே அறுகிறது என்பதை ஒரே ஒரு நூலை வைத்துப் பார்ப்போம்.

படி 1: எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்

உங்கள் பீடத்தின் ஆய்வேட்டு வழிகாட்டியைத் திறந்து பாருங்கள். "ஏபிஏ" என்று இருந்தால் இன்று அது 7ஆம் பதிப்பைக் குறிக்கும். அது 2019இன் இறுதியில் வெளிவந்தது. "ஹாவர்ட்" என்று இருந்தால் கொஞ்சம் கவனம் தேவை, ஏனென்றால் ஹாவர்டுக்கு ஒரே அதிகாரபூர்வக் கைநூல் கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதைத் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் துறையில் அண்மையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு ஆய்வேட்டை நூலகத்தில் எடுத்து, காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். இந்தப் பதிவில் நான் ஏபிஏ வழியில் போகிறேன்.

படி 2: முதலில் பட்டியல் பதிவு, அப்புறம்தான் அடைப்புக்குறி

எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எழுதும்போது அடைப்புக்குறியைப் போட்டுவிட்டு, பட்டியலைச் சமர்ப்பிப்பதற்கு முதல் வாரம் தேடுவார்கள். அதற்குள் நூல் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குத் திரும்பிப் போயிருக்கும்.

கொழும்பில் தமிழ்ப் படம் பார்க்கும் வழக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேராசிரியர் சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை ஓர் அரசியல் தொடர்பு ஊடகமாகப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் கையில் இருக்கிறது. அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். உள்ளே தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, வெளியீட்டாளர் என்ற நான்கும் அங்கேதான் இருக்கும்.

```
Sivathamby, K. (1981). The Tamil film as a medium
    of political communication. New Century Book House.
```

தட்டச்சிடும்போது தலைப்பைச் சாய்வெழுத்தில் விடுங்கள். இரண்டாம் வரி அரை அங்குலம் உள்ளே தள்ளியிருக்கவேண்டும். ஏபிஏ 7இல் வெளியீட்டாளரின் ஊர் வராது. ஹாவர்ட் வடிவங்கள் பலவற்றில் வெளியீட்டாளருக்கு முன்னால் "Madras:" என்று வரும். இரண்டையும் கலந்து எழுதியிருப்பதை வைத்தே முறை தெரியாமல் எழுதியவர் என்று பரிசோதகர் கண்டுபிடித்துவிடுவார்.

படி 3: பெயரை எப்படித் திருப்புவது

ஆங்கில முறைகள் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்லும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. கார்த்திகேசு சிவத்தம்பி என்ற பெயரில் கார்த்திகேசு தகப்பனார் பெயர், சிவத்தம்பி அவருடைய சொந்தப் பெயர். "குடும்பப் பெயர் என்றால் தகப்பன் பெயர்தானே" என்று நினைத்து "Karthigesu, S." என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதினால் அந்த அறிஞரை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். தமிழ்ப் பெயரில் முன்னால் வைப்பது அவர் அறியப்படும் சொந்தப் பெயரை, தலையெழுத்து பின்னால் போகும்.

சிலர் சொந்தப் பெயரை முதலிலும் தகப்பன் பெயரைப் பின்னாலும் எழுதுவார்கள், முக்கியமாக வெளிநாட்டுச் சஞ்சிகைகளில். அப்போது கடைசிச் சொல்லைப் பிடித்துத் திருப்பினால் தகப்பன் பெயர்தான் முன்னுக்கு வரும். அவருடைய வேறு நூல்களில் பெயர் எப்படி இருக்கிறது, மற்ற ஆய்வாளர்கள் அவரை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று பார்த்து முடிவெடுங்கள். ஒருமுறை எடுத்த முடிவை ஆய்வேடு முழுவதும் மாற்றாதீர்கள். எழுத்துக்கூட்டலும் அப்படியே, தலைப்புப் பக்கத்தில் "Sivathamby" என்று இருந்தால் "Sivathambi" ஆக்கவேண்டாம்.

உசாத்துணைகளைச் சேர்த்துவைக்கும் Zotero மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் கடைசிப் பெயருக்கான பெட்டியில் Sivathamby என்றும், முதற் பெயருக்கான பெட்டியில் K. என்றும் தனித்தனியாக இடவேண்டும். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டால் மென்பொருள் தலையெழுத்தை வைத்து வரிசைப்படுத்திவிடும். நிறுவனப் பெயர்களுக்கு மட்டும்தான் ஒற்றைப் பெட்டி. "இலங்கை மத்திய வங்கி" என்பதை இரண்டு பெட்டிக்குள் பிரித்தால் "வங்கி, இ. ம." என்று ஒரு புதிய எழுத்தாளர் பிறந்துவிடுவார்! மத்திய வங்கி என்றதும் இன்னொன்று: 2022க்கான ஆண்டறிக்கை வெளியானது 2023இல். அடைப்புக்குறிக்குள் வருவது வெளியான ஆண்டு, அதாவது (இலங்கை மத்திய வங்கி, 2023).

படி 4: இப்போது அடைப்புக்குறி

பட்டியல் பதிவின் முதற் சொல்லையும் ஆண்டையும் எடுத்தால் குறிப்பு தயார். நூலின் ஒரு கருத்தை உங்கள் சொற்களில் எழுதுகிறீர்கள்:

> தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் ஆற்றுகைத் தலம் திரையரங்கே. அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலை அல்ல, வாங்கும் சக்தி (Sivathamby, 1981, p. __).

தமிழ் வாக்கியத்துக்குள் ஆங்கில எழுத்தா என்று கேட்பீர்கள். ஆம், பட்டியலில் அந்த நூல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழ் ஆய்வேடுகளில் தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல், ஆங்கில நூல்களுக்கு இன்னொன்று என்று பிரித்துப் போடுவது வழக்கம். அடைப்புக்குறியின் எழுத்தைப் பார்த்தே எந்தப் பட்டியலுக்குப் போவது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். சிவத்தம்பியின் "தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்" நூலையும் பயன்படுத்தினால் அது தமிழ்ப் பட்டியலில் "சிவத்தம்பி, கா. (1967)" என்று வரும், உரைக்குள் (சிவத்தம்பி, 1967). ஒரே அறிஞர் இரண்டு பட்டியலிலும் இருப்பதில் தவறில்லை.

பெயரை வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவந்து, ஆண்டை மட்டும் அடைப்புக்குறிக்குள் விடும் வடிவமும் உண்டு: "சிவத்தம்பி (1967) கூறுவதுபோல". தமிழ் நூல்களுக்கு இது அழகாகப் பொருந்தும். ஆங்கில நூல்களுக்கு நான் தவிர்க்கிறேன், ஏனென்றால் "சிவத்தம்பி (1981)" என்று கண்டவர் தமிழ்ப் பட்டியலுக்குப் போய் ஏமாந்து வருவார்.

மேலே பக்க எண்ணை வேண்டுமென்றே வெறுமையாக விட்டேன். சொல்லுக்குச் சொல் எடுத்தால் பக்க எண் கட்டாயம். உங்கள் சொற்களில் எழுதினால் ஏபிஏ கட்டாயப்படுத்துவதில்லை, ஆனாலும் போடுங்கள். வாய்மொழித் தேர்வில் "எந்தப் பக்கம்?" என்று கேட்டால் உங்களுக்கே உதவும். 'நூலகம்' போன்ற இணையத்தளங்களில் எடுத்த ஸ்கான் பிரதி என்றால் ஒரு பொறி இருக்கிறது. அங்கே அட்டையும் ஒரு பக்கமாக எண்ணப்படும். திரையில் 31 என்று காட்டும்போது தாளில் 25 என்று அச்சாகியிருக்கலாம். அச்சில் உள்ள எண்ணையே எழுதுங்கள்.

படி 5: நூலைப் பார்க்கவே இல்லையென்றால்

திரையரங்குக் கூரை பற்றிய அந்தக் கருத்து பல ஆய்வாளர்களால் எடுத்தாளப்பட்ட ஒன்று. நீங்களும் அதை வேறொருவரின் கட்டுரையில்தான் முதலில் கண்டிருப்பீர்கள். அப்படியானால் நீங்கள் வாசித்தது சிவத்தம்பியை அல்ல, அந்தக் கட்டுரையை. அதைச் சொல்லும் வடிவம் இது:

```
(Sivathamby, 1981, as cited in [கட்டுரையாளர்], [ஆண்டு], p. __)
```

இங்கே பட்டியலில் வருவது கட்டுரையாளர் மட்டும்தான். சிவத்தம்பி வரமாட்டார். மூல நூலைப் பார்க்காமலே பார்த்ததுபோல் எழுதுபவர்கள் அகப்படுவது பெரும்பாலும் பக்க எண்ணில். கட்டுரையாளர் எண்ணைத் தவறாக எழுதியிருந்தால் அதே தவறு உங்கள் ஆய்வேட்டிலும் வந்து உட்கார்ந்திருக்கும். மூல நூல் கொழும்பில் எங்காவது கிடைக்குமென்றால் ஒரு பஸ் பயணம் இந்த வடிவத்தைவிட மேல்.

படி 6: ஒரே ஆண்டில் இரண்டு நூல்

இப்போது பழந்தமிழர் நாடகம் பற்றிய சிவத்தம்பியின் ஆங்கில நூலும் உங்களுக்குத் தேவைப்படுகிறது. அதுவும் 1981, வெளியீட்டாளரும் அவர்களே. (Sivathamby, 1981) என்றால் எது? ஆண்டோடு எழுத்துச் சேர்க்கவேண்டும்:

```
Sivathamby, K. (1981a). Drama in ancient Tamil society. ...
Sivathamby, K. (1981b). The Tamil film as a medium ...
```

a, b என்பது நீங்கள் எடுத்தாண்ட வரிசை அல்ல, தலைப்பின் அகரவரிசை. முன்னால் வரும் "The" கணக்கில் இல்லை, ஆகவே D முதலில், T அடுத்து. தமிழ்ப் பட்டியலில் இதே நிலை வந்தால் 1967அ, 1967ஆ என்று போடலாம். இரண்டாவது நூலைச் சேர்த்த அன்றே, ஏற்கனவே எழுதிய எல்லா 1981களுக்கும் போய் b சேர்த்துவிடுங்கள்.

படி 7: கயிற்றை இழுத்துப் பார்த்தல்

பட்டியலை மட்டும் தாளில் அச்சிட்டு எடுங்கள். வேர்டில் Ctrl+F அழுத்தி முதலில் `, 19` என்றும் `, 20` என்றும் தேடுங்கள். அப்புறம் `(19`, `(20` என்று தேடுங்கள். முதலாவது பெயரோடு வரும் குறிப்புகளைப் பிடிக்கும், இரண்டாவது ஆண்டு மட்டும் உள்ளவற்றைப் பிடிக்கும். கடைசிப் பட்டியலுக்குள் விழுபவற்றை விட்டுவிட்டு, உரைக்குள் வருபவற்றில் ஒவ்வொன்றாக நின்று, தாளில் அந்தப் பதிவுக்குச் சரி போடுங்கள். படி 5இல் பார்த்ததுபோல் மூல நூலைப் பார்க்காமல் எடுத்தாண்டவர் தவிர, தாளில் இல்லாத குறிப்பு வந்தால் பதிவைச் சேர்க்கவேண்டும். தேடி முடிந்தபின் சரி விழாமல் நிற்கும் பதிவுகளை வெட்டிவிடுங்கள், ஏபிஏ பட்டியலில் உரைக்குள் வராத நூலுக்கு இடமில்லை. எனக்கு இதற்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. வெட்டுப்பட்டவற்றில் பாதி, நான் வாசிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு வாசிக்காமலே விட்ட நூல்கள்.